இல்லை என்று எழுதாத கடிதம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அது ஒழுங்காக அச்சாகி வரும். மற்றபடி ஆறு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் அவர் மெஷினண்ணன்தான். போன மாதம் பயிற்சிக்குச் சேர்ந்த நர்ஸும் மெஷினண்ணன் என்பாள். ஓய்வுபெற ஆறே மாதம் பாக்கியிருக்கும் தலைமை நர்ஸம்மாவும், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர் என்பதை மறந்துவிட்டு, மெஷினண்ணன் என்பார்.

டயாலிசிஸ் மெஷின்களை விற்று, விற்றதைப் பழுது பார்த்தும் கொடுக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் அசையாமல் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்களே, அந்த மெஷின். ஒரு மெஷின் நின்றால் அன்றைக்கு நாலு பேருடைய முறை தள்ளிப்போகும். அதனால் போன் வந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிக்கொண்டு கிளம்ப வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

தங்கியிருந்தது ஒற்றை அறையில். வீடு அங்கிருந்து ரயிலில் ஏழு மணி நேரம். மனைவிக்கு அரசாங்க அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. மாற்றல் கிடைக்காது, கிடைத்தாலும் ஆறு ஊரில் எந்த ஊருக்கு வாங்குவது? மகள் பத்தாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை காலையில் போய் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்குவார். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, "அப்பா எங்கே இருக்கார்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "ரயில்ல இருக்கார்" என்றாளாம். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு இருந்த ஏக்கம் விசித்திரமானது. பெரிய வீடு, கார், வெளிநாடு என்று அவர் ஆசைப்படவில்லை. வார நாளில் தன் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வருகிறார் என்பதற்காகக் கூட்டித் துடைத்த வீடு. சாதாரணப் புதன்கிழமையன்று மனைவி எந்த நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறாள், மகள் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள், வந்ததும் யாரிடம் எரிந்து விழுகிறாள், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தன்னிடம் யாரும் எரிந்து விழாத வீட்டில் மனிதன் விருந்தாளிதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. வீட்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருபத்துநாலு டயாலிசிஸ் மெஷின்கள். பழுது என்றால் கம்பெனிக்காரன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, நமக்கென்று சொந்தமாக ஒரு டெக்னீஷியன் வேண்டும் என்று அந்தப் பிரிவின் தலைமை டாக்டர் முடிவு செய்தார். அவர் வேறு ஊரில் இருந்தபோதே மெஷினண்ணனின் வேலையைப் பார்த்தவர். "விண்ணப்பம் போடுங்க" என்று அவரே சொல்லி அனுப்பினார்.

நேர்முகத் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை. முடிந்ததும் மூன்றரை மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். நாலேகாலுக்கு மகள் வந்தாள். கதவைக் காலால் தள்ளினாள், புத்தகப் பையை மூலையில் எறிந்தாள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தாள். "கணக்கு மிஸ் ஒரு பைத்தியம்பா" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். எப்போது வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெஷினண்ணனுக்கு மனசு நிறைந்துவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

பத்து நாள் கழித்து ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்தது. ஒரு மெஷினின் கரைசலில் உப்பளவு நிலைக்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்து, ஓடவிட்டு, காத்திருந்த நேரத்தில் வராந்தாவில் நின்று படித்தார். முதல் பக்கத்தில் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில் சம்பளம். இப்போது வாங்குவதைவிடக் கால் பங்கு குறைவு. மூன்றாம் பக்கத்தில் இன்னொரு சங்கதி: டிப்ளமோ படித்தவர்கள் டெக்னீஷியன் நிலையிலேயே இருப்பார்கள், இன்ஜினீயர் நிலைக்குப் பட்டம் வேண்டும். சம்மதமானால் பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும். முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய் வாழ்த்தை இன்னொரு தடவை படித்தார்.

ஆஸ்பத்திரியின் எச்.ஆர். மேடத்துக்குப் போன் போட்டார்.

"சம்பளத்தைக் கொஞ்சம் பார்த்துச் செய்ய முடியுமாங்க மேடம்? இப்ப வாங்குறதாவது வந்தாப் போதும்."

"எங்க கையில இல்லீங்க சார். அந்த கிரேடுக்கு அதுதான் உச்சவரம்பு. உங்களுக்கு உச்சத்தையே போட்டிருக்கோம்."

"மேல போறதுக்கு ஏதாச்சும் வழி? சீனியர், சூப்பர்வைசர் அந்த மாதிரி?"

"இப்போதைக்கு அப்படிப் போஸ்ட் இல்ல சார். ஆனா நிரந்தரமான வேலை. எக்ஸ்ரே பக்கம் ஒரு டெக்னீஷியன் போன வருஷம் ரிட்டயர் ஆனார். இருபத்தாறு வருஷம், அதே போஸ்ட், அதே ரூம்!" என்று அந்தம்மாள் பெருமையாகச் சொன்னாள்.

எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா? மெஷினண்ணன் நன்றி சொல்லி வைத்துவிட்டார். கம்பெனியில் அடுத்த வருடம் வட்டார மேற்பார்வையாளர் பதவி காலியாகிறது. அது அவருக்குத்தான் என்று மேனேஜர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மகள் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். புத்திக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ஆனாலும் மனைவியைக் கூப்பிட்டார். புத்திக்குத் தெரிந்ததை வேறு யாராவது மறுத்துச் சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசைதான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "வேணாம்னு எழுதிடுங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? நாப்பத்திமூணு வயசுல கால்வாசியக் கொறச்சிக்கிட்டு, அறுபது வயசு வரைக்கும் அதே நாற்காலியிலயா? ரெண்டு வருஷத்துல நீங்களே நொந்து போயிடுவீங்க. அந்த நோவ வீட்டுலதான் வந்து இறக்குவீங்க."

நியாயம்தான். அவள் எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். "பஸ் வந்துடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இனி அந்தக் கடிதத்தின் கதை.

மெஷினண்ணனுக்கு எழுத்து என்றால் சர்வீஸ் ரிப்போர்ட்தான். பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார். கண்ட குறை, செய்த வேலை, மீதி, அடுத்த வருகை. அதில் கம்பெனியின் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. "முடியாது" என்ற சொல் ரிப்போர்ட்டில் வரக் கூடாது. மெஷின் எவ்வளவு இழுத்துக்கொண்டு கிடந்தாலும் "தொடர்ந்து கண்காணிக்கவும்" என்றுதான் எழுத வேண்டும். முடியாது என்று எழுதினால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த மெஷினை வேறு கம்பெனியில் வாங்கிவிடுவார்கள். சேர்ந்த முதல் மாதமே மேனேஜர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. நல்ல மாணவரான இவர் அதை எலும்புவரை ஏற்றிக்கொண்டார்.

பதினாலாம் தேதி மதியம் ஆஸ்பத்திரி கேன்டீனில், டீயை ஆறவிட்டு, போனிலேயே தட்டி அனுப்பினார். இதுதான் அது:

"தங்கள் ஆஃபர் லெட்டர் கிடைக்கப்பெற்றேன். மிக்க நன்றி. சம்பளமும் பதவி உயர்வும் சற்றுக் குறைவாகக் காணப்படுகின்றன. இருப்பினும் தங்கள் மருத்துவமனையில் பணியாற்ற மிகவும் விரும்புகிறேன். மேற்கண்ட குறைகள் காலப்போக்கில் சரிசெய்யப்படும் என நம்புகிறேன். தங்கள் அடுத்த தொடர்பை எதிர்பார்க்கிறேன்."

மறுத்தாயிற்று, கதவையும் சாத்தவில்லை, எவ்வளவு பக்குவமாக எழுதிவிட்டோம் என்று அவருக்கு ஒரு திருப்தி. ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். உண்மையைச் சொன்னால், எழுதும்போது இல்லை என்ற சொல் இரண்டு தடவை விரல் நுனிவரை வந்தது. இரண்டு தடவையும் அந்தச் செவ்வாய்க்கிழமை நாலேகால் மணி வந்து குறுக்கே நின்றது. கம்பெனிப் பழக்கம் பாதி, ஏக்கம் பாதி. இரண்டும் சேர்ந்து பூசி மெழுகிய கடிதம் அது.

மூன்றாம் நாள் மேனேஜரிடமிருந்து போன். "என்னங்க, சொல்லாம கொள்ளாமப் பொட்டியக் கட்டிட்டீங்களாமே? ஒரு ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டு நீங்க எப்படி ஆளுன்னு விசாரிச்சாங்க. ஒண்ணாம் தேதி அங்க சேர்றீங்களாம்!"

விசாரிக்க என்று மேனேஜரின் நம்பரை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது மெஷினண்ணனேதான். "இல்ல சார், நான் சேரல சார், அது வேற..." என்று மென்று முழுங்கினார். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவாச் சொல்லுங்க. மேற்பார்வையாளர் பேரை நான் மேல அனுப்பணும்" என்று மேனேஜர் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

மின்னஞ்சலைத் திறந்தால், தங்கள் சம்மதத்துக்கு மகிழ்ச்சி, ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சான்றிதழ்களுடன் வரவும் என்று இருந்தது. சேரும் தேதியையும் பார்த்து, கடிதத்தையும் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மகளின் போன்.

"அப்பா! நெஜமாவா? ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டு அட்ரஸ் சரியான்னு கேட்டுக் கூப்பிட்டாங்க. ஒண்ணாம் தேதிலேர்ந்து இங்கயேவா? ஏம்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"பாப்பா, அது வந்து..."

"என் அலமாரில பாதிய உங்களுக்குக் காலி பண்ணிட்டேன். பழைய நோட்டெல்லாம் கட்டி மேல போட்டாச்சு. உங்களுக்குச் சட்ட எவ்ளோப்பா இருக்கு? ரெண்டு தட்டு போதுமா?"

மகளிடம் தன் சட்டைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் நிலைமை எந்த அப்பனுக்கும் வரக் கூடாது. "சனிக்கிழம வர்றேன்டா, நேர்ல பேசலாம்" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை மறுநாள்தான். அது அவருடைய முறையும் இல்லை. ஆனாலும் ரயில் ஏறிவிட்டார்.

காலையில் போய் இறங்கியபோது மனைவி வாசலிலேயே நின்றாள். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். "அந்த லெட்டரக் காட்டுங்க" என்று கையை நீட்டினாள். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"இதுல இல்லைங்கிறது எங்க இருக்கு?"

"குறைவாக் காணப்படுதுன்னு எழுதியிருக்கேனே."

"அத எழுதிட்டுக் கீழ மிகவும் விரும்புகிறேன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஆபீஸுக்கு ஒரு நாளைக்கு நூறு கடுதாசி வருது. பிரிக்கிறது நான். எந்தக் கடுதாசியா இருந்தாலும் என்ன வேணுங்கிறது மொத ரெண்டு வரிலயே தெரியணும். இல்லன்னா படிக்கிறவங்க தனக்கு எது தோதோ அத எடுத்துக்குவாங்க. அந்தம்மா மேல தப்பே இல்ல. நான் பிரிச்சிருந்தாலும் சம்மதக் கட்டுலதான் சேர்த்திருப்பேன்."

"கதவச் சாத்தக் கூடாதுன்னு பார்த்தேன்."

"கதவத் திறந்து வெக்கிறது வேற, வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வரவும் மாட்டேன் வெளிய போகவும் மாட்டேங்கிறது வேற. மொதல்ல போன் பண்ணி மன்னிப்புக் கேளுங்க. சனிக்கிழம ஒரு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கும்."

போன் செய்தார். எச்.ஆர். மேடத்துக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? "ஐடி கார்டே அடிச்சாச்சு சார்! லிஸ்ட்ல அடுத்து இருந்தவருக்கு இல்லைன்னு சொல்லியாச்சு!" என்றாள். இவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். தப்பு என்னுடையதுதான் மேடம், அடுத்தவரைத் திரும்பக் கூப்பிட நேரம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன் என்றார். "சரி, எழுத்துல குடுங்க. இந்தத் தடவ எனக்குப் புரியுற மாதிரி" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். அவர் எழுத எழுத அவள் வெட்டினாள். அவள் வெட்டியதில் பாதியை இவர் திரும்பச் சேர்த்தார். கடைசியில் நின்றது இவ்வளவு:

"மதிப்பிற்குரிய அம்மையீர், டயாலிசிஸ் பிரிவு டெக்னீஷியன் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. யோசித்துப் பார்த்ததில், இந்தப் பணியை என்னால் ஏற்க இயலவில்லை. என் முந்தைய கடிதம் சம்மதம் தெரிவிப்பதுபோல் அமைந்தது என் தவறு. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.

காரணங்கள் இரண்டு. குறிப்பிட்டுள்ள சம்பளம் நான் இப்போது பெறுவதைவிடக் கால் பங்கு குறைவு. இந்தப் பதவியிலிருந்து மேலே செல்லத் தற்போதைய விதிகளில் வழியில்லை. இவ்விரண்டும் உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன்.

உங்கள் பிரிவின் மீதும் தலைமை டாக்டர் மீதும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மூத்த டெக்னீஷியன் அல்லது மேற்பார்வையாளர் நிலையில், என் இப்போதைய சம்பளத்துக்குக் குறையாத பணியிடம் பின்னாளில் உருவானால் தெரிவியுங்கள். மகிழ்ச்சியுடன் விண்ணப்பிப்பேன்."

பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினார். அனுப்பும் பொத்தானின் மேல் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு மேனேஜருக்கும் ஒரு வரி எழுதிப்போட்டார்: நான் எங்கும் போகவில்லை, வேறு வேலைக்கு முயன்றது உண்மை, வேண்டாம் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில். தங்கள் கடிதம் கிடைத்தது. பணி அடுத்தவருக்கு வழங்கப்படுகிறது. தங்கள் விவரங்களை ஒரு வருடத்துக்குக் கோப்பில் வைத்திருப்போம்; உயர்நிலைப் பணியிடம் அறிவிக்கப்பட்டால் தெரிவிப்போம். கடைசியில் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி: "டாக்டர் மிகவும் வருத்தப்பட்டார்."

மகள் டியூஷனிலிருந்து வந்ததும் உட்காரவைத்துச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். காலையில் படித்த பாடம் அவ்வளவு சீக்கிரம் மறக்குமா? அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. போனை வாங்கி, கீழே கிடந்த பழைய கடிதத்தையும் சேர்த்து, மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"நல்லாத்தான்பா எழுதியிருக்கீங்க. ஆனா இங்க வரணும்னு உங்களுக்கு எவ்ளோ ஆசைன்னு இதுல எங்கயுமே இல்லையே."

"அதெல்லாம் ஆபீஸ் கடுதாசில எழுத மாட்டாங்கடி" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது.

"முன்னாடி எழுதினதுல இருந்துதே" என்றாள் மகள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். மேலே கட்டிப்போட்ட நோட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது. உதவிக்குப் போகலாமா என்று எழுந்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கமாகத் தனியாகத்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போவார். அன்றைக்கு மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். பையின் ஒரு வாரை அவர் தோளில் போட்டுக்கொள்ள, இன்னொரு வாரை அவள் பிடித்துக்கொண்டாள். தெருமுனைவரை மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினார்கள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "அன்னிக்கிப் போன்ல பேசினப்ப, எப்படியாவது வந்துடுங்கன்னு ஒரு வார்த்த சொல்வேன்னு நெனச்சேன். பஸ் வந்துடுச்சுன்னு வெச்சிட்ட. பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட நீ கூப்பிட்டதில்ல. எனக்குத்தான் இந்தத் தவிப்பெல்லாம் போலன்னு நெனச்சுக்குவேன்."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கி பஸ் ஒண்ணும் வரல."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கால்வாசி என்ன, பாதிச் சம்பளத்துக்கும் வந்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா? அதுக்குப் பயந்துதான் பதினோரு வருஷமா வாயத் திறக்கல."

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. ஏறுவதானால் ஏறுங்கள் என்று டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏறுங்க. ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள் அவள். பையின் வாரை மட்டும் விடவில்லை.